பத்திலிருந்து இரண்டு வரை

அந்த மெயில் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. நான் அப்போதுதான் கைப்பையை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்திருந்தேன். காரைக்குடி கல்லூரிச் சாலையில், ஒரு டூவீலர் ஷோரூமுக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்க மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. அறுபது பேர் இருந்தோம். நாற்பதுக்கு மேல் பெண்கள். ஆள் எடுப்பது, லீவு, சம்பளம், மெமோ எல்லாம் என் பொறுப்பு.

மெயில் அனுப்பியவளுக்கு முப்பது வயது இருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் நான்தான் அவளை இன்டர்வியூ செய்து எடுத்தேன். சாக்கோட்டைக்கு அங்குட்டு ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும் பில்களை ஏன் வந்தன என்று பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்புவதில் அவளுக்கு ஈடாக எங்கள் ஆபீஸில் ஆள் கிடையாது. கல்யாணமாகி நாலு வருடம் கழித்து உண்டானாள். ஏழரை மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிரசவ லீவு ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தபோது இந்த மெயில்.

ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். சுருக்கமாக, தெளிவாக, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்கு மட்டும் வேலை நேரத்தைக் குறைத்துத் தரும்படி கேட்டிருந்தாள். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கு நாளும் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை. புதன்கிழமை லீவு, அன்றைக்குக் குழந்தையை மதுரைக்கு பிசியோதெரபிக்குக் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை எல்லோரையும் போல ஒன்பதிலிருந்து ஆறு வரை முழு நாள். அன்று மதுரையில் வேலை பார்க்கும் கணவர் ஊருக்கு வந்துவிடுவார், பால் கொடுக்கக் குழந்தையை அவரே ஆபீஸ் பக்கம் தூக்கிவந்துவிடுவார். ஆக வாரத்துக்கு இருபத்துநாலு மணி நேரம், வழக்கமானதில் சரி பாதி. பாதிச் சம்பளம் போதும் என்றும் அவளே எழுதியிருந்தாள். குழந்தை பாட்டிலில் குடிப்பதில்லை, குறைமாதப் பிள்ளை என்பதால் எடை ஏறும்வரை தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்குச் சீட்டும் இணைத்திருந்தாள். நோயாளிகளின் விவரம் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்பது தெரியும், அதனால் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்கவில்லை என்று ஒரு வரி. இது முடியாது என்றால் நீங்கள் சரியென்று நினைக்கிற வேறு ஏற்பாடு எதுவானாலும் சம்மதம் என்று கடைசி வரி.

படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் மகன் பிறந்த நாற்பத்தைந்தாம் நாள் நான் வேலைக்குப் போனேன். அப்போது சட்டமே பன்னிரண்டு வாரம்தான், அதில் பாதியைப் பிரசவத்துக்கு முன்னாலேயே தீர்த்துவிட்டிருந்தேன். வேறொரு கம்பெனி, ஆண்கள் நிறைந்த ஆபீஸ். மதியம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வாஷ்பேசினில் பாலைப் பீய்ச்சிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன். ஒரு மாதத்தில் வற்றிவிட்டது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. இவள் என்னடா என்றால் கிழமை போட்டு, மணி போட்டு, டாக்டர் சீட்டு வைத்துக் கேட்கிறாள். கேட்கத் தெரிந்திருக்கிறதே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேனேஜரிடம் காட்டினேன். முதலாளியின் அக்கா மகன், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நின்றபடியே செல்போனில் படித்தார்.

"ஆறு மாசம் வீட்ல உக்காந்து முழுச் சம்பளம் வாங்கியாச்சு. இப்ப பன்னெண்டு வாரமா? என்ன மேடம் இது?"

ஈ.எஸ்.ஐ. என்கிற அரசு காப்பீட்டின் வரம்பைத் தாண்டிய சம்பளம் அவளுக்கு. அதனால் பிரசவ லீவுச் சம்பளம் கம்பெனியின் கையிலிருந்துதான் போயிருந்தது. அந்த எரிச்சல் அவருக்கு.

"பாதிச் சம்பளந்தான் கேக்குறா சார். அவ வேலையப் பிரிச்சுக் குடுத்தா ஓட்டிறலாம்," என்றேன். இதை நான் சொன்னேன் என்பது உண்மை. ஒரே ஒரு தடவை, குரலில் உயிரில்லாமல் சொன்னேன் என்பதும் உண்மை.

"இவளுக்குக் குடுத்தா நாளைக்கு வரிசையா நிப்பாளுக. ஒங்களுக்குத் தெரியாததா? நீங்கள்லாம் அந்தக் காலத்துல இப்படியா கேட்டீக?"

அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. "இல்ல சார்," என்றேன்.

"டீம் லீடருகட்ட ஒரு அபிப்பிராயம் கேட்டதா இருக்கட்டும். அப்புறம் முடியாதுன்னு எழுதிருங்க."

மூன்று டீம் லீடர்களுக்கும் அந்த மெயிலை அப்படியே தள்ளிவிட்டேன். டாக்டர் சீட்டோடு. சீட்டை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அவளுடைய உடம்பைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் எழுதிய வரிகளை நீக்கிவிட்டு, நாளையும் மணியையும் மட்டும் கேட்டிருக்கலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ட்ரெய்னிங்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீ குடிக்கும் இடத்தில் ஒருவன் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "எனக்கும் பத்துலேருந்து ரெண்டு வரைக்கும்தான், பாட்டில்ல குடிக்க மாட்டேன்," என்று மழலைக் குரலில் சொன்னான். ஆண்கள் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். பிள்ளை பெற்ற பெண்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். எழுந்து போய் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், அடங்கியிருப்பார்கள்.

மறுநாள் நான்கு வரியில் பதில் எழுதினேன். உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. அலுவலகத் தேவை கருதி ஏற்க இயலவில்லை. குறிப்பிட்ட தேதியில் முழு நேரப் பணிக்குத் திரும்பவும். தாயும் சேயும் நலமாக இருக்க வாழ்த்துகள்.

பதினைந்து மாதம் ஆகும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க, சாப்பாட்டு இடைவேளை போக, ஒரு நாளில் இரண்டு தடவை தாய்க்கு நேரம் விட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். காப்பகத்தைத் தவிர்க்கத்தான் எங்கள் அறுபது பேரையும் இரண்டு கம்பெனிப் பெயர்களில் முப்பது முப்பதாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிப்புப் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான். வேறு ஏற்பாடு எதுவானாலும் சம்மதம் என்று அவள் எழுதியிருந்தாளே, அதற்குப் பதிலாக அந்த இரண்டு இடைவேளையை நான் எழுதியிருக்கலாம். அது சலுகைகூட இல்லை, அவளுக்கு உரியது. எழுதவில்லை.

சாயந்திரம் போன் செய்தாள். "அக்கா, நீங்க ஒரு வார்த்த சார்ட்ட சொல்லிப் பாருங்களேன். மூணு மாசந்தானக்கா."

"சொல்லிப் பாத்துட்டேன்மா. நாங்கள்லாம் நாப்பத்தஞ்சு நாள்ல வந்தோம். ஒனக்கு ஆறு மாசம் கெடச்சிருக்கு."

அவளுக்குப் பின்னால் பிள்ளை அழும் சத்தம் மெலிசாகக் கேட்டது. "சரிக்கா, வந்துர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

சொன்ன தேதியில் வந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். யாரோடும் அதிகம் பேசவில்லை. காலையில் எட்டு மணி பஸ்ஸில் அவள் வருவாள். அவள் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் வருவார். ஷோரூமுக்குப் பக்கவாட்டில் எங்கள் மாடிப்படி ஆரம்பிக்கும். அதன் கீழ்ப்படியில் ஒரு துண்டை விரித்து அந்த அம்மா உட்கார்ந்திருப்பார். பதினொரு மணிக்கு இவள் கீழே இறங்குவாள். படிக்கட்டுத் திருப்பத்தில் மின்சார மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, பதினைந்து இருபது நிமிடத்தில் மேலே வந்துவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை. மூன்றரைக்கு ஒரு தடவை. யாரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. வேலையில் ஒரு பில் குறையவில்லை.

ஆனால் கதவில் விரல் வைத்தால்தான் திறக்கும். உள்ளே வந்ததும் வெளியே போனதும் நிமிடக் கணக்கில் பதிவாகிவிடும். பத்து நாள் கழித்து மேனேஜர் அந்தப் பட்டியலை என் மேசையில் போட்டார். அவள் பெயருக்கு நேரே மஞ்சள் கோடுகள்.

"மத்தவங்க டீ குடிக்கப் போறதும் இதே நேரந்தான் சார் ஆகுது," என்றுகூட நான் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் இருக்கையை விட்டு வெளியேறியதற்கு மூன்று நாளில் விளக்கம் கேட்டு மெமோ அடித்துக் கொடுத்தேன். அவள் என் முன்னால் நின்று அதைப் படித்தாள், கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்கு அடுத்து நான் செய்ததை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "படியில வெளியாளு யாரும் உக்காரக் கூடாது. கம்பெனிக்கு கிளையண்டு வர்ற எடம்," என்றேன். எங்கள் கிளையண்டுகள் எல்லோரும் அமெரிக்காவில் இருந்தார்கள். எந்தப் படியும் ஏறி எவரும் வந்ததில்லை.

வாட்ச்மேன் தயங்கினார். "அந்த அம்மா கைப்புள்ளையோட இருக்காக மேடம்."

"அதனாலதான் சொல்றேன்."

ஐந்து நிமிடம் கழித்து என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த அம்மா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் தகரக் கூரை. சித்திரை வெயில். கூரையின் நிழல் விழுந்த இடத்தில் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டே முந்தானையால் பிள்ளைக்கு விசிறினார்.

அதற்குப் பிறகு அவள் பதினொரு மணிக்கு எழுந்திருக்கவில்லை. மூன்றரைக்கும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவாள், சாப்பிடாமல் திரும்பி வருவாள். ஒரு வாரம் போனது. ஒரு நாள் பதினொன்றரைக்கு மீட்டிங். மேனேஜர், டீம் லீடர்கள், நான், அவள். நிராகரிப்புக் கணக்கை அவள் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். பேசப் பேச அவள் சுடிதாரின் முன்பக்கம் நனைந்து வந்தது. முதலில் ஒரு சின்ன வட்டம். பிறகு இரண்டு பக்கமும். துப்பட்டாவை இழுத்துவிட்டாள், அதுவும் நனைந்தது. குரல் மாறாமல் கடைசி வரை சொல்லி முடித்தாள்.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்த்து அல்ல: "மேடம், ஆபீஸுக்கு வர்றவங்க கொஞ்சம் நீட்டா வரச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வாஷ்பேசின் ஞாபகம் வந்தது. அதன் விளிம்பில் இருந்த விரிசல்கூட ஞாபகம் வந்தது. இத்தனை ஞாபகம் வந்தவள் எழுந்து அவளை வெளியே அழைத்துப் போயிருக்க வேண்டும். நான் நோட்டில் "உடை ஒழுங்கு" என்று எழுதினேன். இன்னும் அந்த நோட்டு இருக்கிறது.

மறுவாரம் அவள் வரவில்லை. பால் கட்டிக்கொண்டு இடது மார்பு வீங்கிக் கடும் காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில் சீழ் எடுக்கக் கீறவேண்டியதாகிவிட்டது. அவள் கணவர்தான் போனில் சொன்னார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். "மெடிக்கல் சர்டிபிகேட் யாருக்கு மேடம் அனுப்பணும்?" என்று மட்டும் கேட்டார். மெயில் ஐ.டி. சொன்னேன்.

பதின்மூன்று நாள் கழித்து ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள். அன்று ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்த யாரோ கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார்கள். என் மேசையில் ஒரு தட்டில் இருந்தது. அவளிடமும் நீட்டினேன். எடுத்துக்கொள்ளவில்லை.

விலகுபவர்களிடம் நிரப்பி வாங்க ஒரு படிவம் உண்டு. விலகக் காரணம் என்ற இடத்தில் அவள் எழுத ஆரம்பித்தாள். முதல் வரி நீளமாகப் போவதைப் பார்த்ததும் நான் குறுக்கிட்டேன்.

"சொந்தக் காரணம்னு போட்டுரும்மா. இல்லைன்னா மேல கேள்வி கேப்பாங்க. ரிலீவிங் லெட்டர் வர லேட்டாகும். அடுத்த வேலைக்கு அது இல்லாமச் சேக்க மாட்டாங்க."

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எழுதியதை அடித்துவிட்டு, சொந்தக் காரணம் என்று எழுதினாள்.

"புள்ள எப்படி இருக்கான்?"

"சங்குல பவுடர் பாலு குடிக்கிறான். ரெண்டு வாரமா எடை எறங்கிருச்சுன்னு மதுரையில சத்தம் போட்டாங்க. இப்பப் பரவால்ல." அப்புறம் சாதாரணமாக, ஒரு பில்லில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்: "மேடம், பால் குடுக்குற தாய்க்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவ நேரம் விடணும்னு சட்டத்துல இருக்காமே. ஒங்களுக்குத் தெரியுமா?"

ஆறு வருடமாக அக்கா என்றவள் அன்று மேடம் என்றாள்.

"அப்படியா? தெரியாதே," என்றேன்.

"குடிதண்ணிக் கேனுக்குப் பின்னாடி தமிழ்லயே ஒட்டியிருக்கு. இன்னைக்குத் தண்ணி புடிக்கப் போனப்ப கேனை மாத்துனாக, அப்பத்தான் பாத்தேன். கீழ ஒங்க கையெழுத்து இருக்கு."

சட்டத்தின் சுருக்கத்தைப் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டவேண்டும் என்பது விதி. ஆய்வுக்கு யாராவது வந்தால் காட்டலாமே என்று ஒட்டினேன். கேன் அதை மறைக்கும் என்பதும் தெரியும்.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படிவத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்கையில் இடது கையைத் தூக்க முடியாமல் வலது கையால் மட்டும் எடுத்து, மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். லேபர் ஆபீஸுக்குப் போவாள் என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. ரிலீவிங் லெட்டர் என் கையில் இருக்கும்போது எப்படிப் போவாள்? அதை வேண்டுமென்றே ஐந்து வாரம் தாமதித்துத்தான் அனுப்பினேன்.

"தானா முடிஞ்சிருச்சு," என்று மேனேஜர் சொன்னார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவள் இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டும் அவள் செய்த வேலையில் முக்கால்வாசிதான் நடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் இப்போது மதுரையில் ஏதோ ஒரு கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. பிள்ளை நடக்கிறானாம், லேட்டாகத்தான் நடந்தானாம். இதுவும் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். நான் விசாரிக்கவில்லை.

அதன் பிறகு வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி எங்கள் ஆபீஸில் ஒரு பெண்ணும் மெயில் அனுப்பவில்லை. பிரசவத்துக்குப் போகிறவர்கள் லீவு முடிகிற வாரத்தில் ராஜினாமா அனுப்பிவிடுகிறார்கள். வருடாந்தர மீட்டிங்கில் முதலாளி, பெண் ஊழியர்களிடமிருந்து ஒரு புகார்கூட இல்லை என்று என்னைப் பாராட்டினார். நான் எழுந்து கும்பிட்டேன்.

போன ஆவணியில் ஒரு பெண் இன்டர்வியூவுக்கு வந்தாள். காளையார்கோவில் பக்கம். கல்யாணமாகி எட்டு மாதம். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "இப்போதைக்குக் கொழந்த வேணாம்னு இருக்கோம் மேடம்," என்றாள். மார்க் ஷீட்டோடு அதையும் ஒரு தகுதியாக எடுத்து நீட்டினாள். வேலை கொடுத்தேன்.

அவளுக்கு இப்போது ஆறாவது மாதம் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. அகலமான துப்பட்டாவை மடித்துப் போட்டுக்கொண்டு, நடக்கும்போது ஃபைலை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறாள். வாந்தி வந்தால் எங்கள் மாடி பாத்ரூமுக்குப் போகாமல் கீழே ஷோரூமுக்கு ஓடுகிறாள். நேற்று படியில் எதிர்ப்பட்டபோது மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் வாயை மூடி மூச்சை அடக்கிக்கொண்டு, "குட் மார்னிங் மேடம்," என்றாள்.

குட் மார்னிங் சொன்னேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். நான் ஏறிப் போனேன்.